காவடிக்கு மேலே இன்னும் கொஞ்சம் வானம்: படத்தின் பரப்பை விரித்து நிரப்பும் முறை

மொரீஷியஸில் தைப்பூசத்தன்று எடுக்கப்படும் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தென்படும். காவடி உயரமானது. அதைச் சுமப்பவரின் முகத்தை மனத்தில் வைத்துப் படமெடுக்கும்போது மயிற்பீலியின் நுனி படத்தின் மேல்விளிம்பை ஒட்டிக்கொள்கிறது. தெரு நெரிசலில் பின்னால் நகர்ந்து எடுக்க இடம் கிடைப்பதில்லை. கைபேசித் திரையில் பார்க்கையில் இது பெரிதாக உறுத்தாது. அச்சிட்டுச் சட்டம் போடும்போதுதான் உறுத்தும், ஏனென்றால் சட்டத்தின் உள்விளிம்பு நான்கு பக்கமும் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டரை மூடிவிடுகிறது. மூச்சுவிட இடமில்லாமல் நின்ற பீலி, இப்போது மரச்சட்டத்துக்கு அடியில் போய்விடுகிறது.

படத்தின் பரப்பை, அதாவது கேன்வாஸை, வெளிப்பக்கமாக விரித்து, புதிதாகக் கிடைத்த வெற்றிடத்தை வானத்தாலும் மரம் தரையாலும் நிரப்புவது இன்று வீட்டுக் கணினியிலேயே முடிகிற வேலை. 2023ஆம் ஆண்டு ஃபோட்டோஷாப்பில் Generative Fill, Generative Expand ஆகிய வசதிகள் வந்த பிறகு இது பலருக்கும் எட்டியது. பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒன்று வந்துவிடும். ஆனால் வந்தது அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு, அந்த வெளிச்சத்துக்குப் பொருந்துகிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் ஒரே படத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து அச்சு வரை கொண்டுபோகிறேன். ஃபோட்டோஷாப் வழியை விரிவாகச் சொல்லி, மற்ற மென்பொருள்களைச் சுருக்கமாகத் தொடுகிறேன்.

நான் பின்பற்றும் விதி ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் படிகளின் வரிசையே அதிலிருந்துதான் பிறக்கிறது. வானத்தை உருவாக்கலாம். பெயர் தெரியாத புதரையும் தார்ச்சாலையின் ஓரத்தையும் உருவாக்கலாம். மலையை, கோபுரத்தை, எழுத்துகளை, மனிதர்களை உருவாக்கக் கூடாது. அவை தேவைப்பட்டால் அதே நாளில் எடுத்த வேறொரு உண்மையான படத்திலிருந்து கொண்டுவர வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் விரிக்காமல் விட்டுவிட வேண்டும்.

நம் கையில் உள்ள படம்

காத்ர் போர்ன் ஊரிலிருந்து கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலை நோக்கிச் செல்லும் ஊர்வலம். காலை ஒன்பது மணி. இளஞ்சிவப்பு உடை அணிந்த இளைஞர் ஒருவர், பூவும் தென்னங்குருத்தும் சாற்றிய காவடியைத் தோளில் ஏந்தி, படத்தில் இடமிருந்து வலமாக நடக்கிறார். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம்; அகலம் 3024 பிக்சல், உயரம் 4032 பிக்சல். பீலியின் நுனிக்கும் மேல்விளிம்புக்கும் இடையே அறுபது பிக்சல்தான் இருக்கிறது. வலப்பக்க விளிம்பில் மலையின் சரிவு ஏறத் தொடங்கி, உச்சியை அடையும் முன்பே வெட்டுப்பட்டுவிட்டது.

வேண்டியது: 40 × 50 சென்டிமீட்டர் சட்டத்துக்கு ஏற்ற படம்.

தொடங்கும் முன் கோப்பைச் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. வானத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் விழுகின்றன. நிரப்பும் கருவி அந்தக் கட்டங்களையும் வானத்தின் இயல்பு என்று எடுத்துக்கொண்டு தானும் அப்படியே வரையும். எடுத்தவரிடம் கேட்டு மூலக் கோப்பையே வாங்குங்கள். அதை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

எவ்வளவு விரிப்பது

40 × 50 என்பது நான்குக்கு ஐந்து என்ற விகிதம். நம் படம் மூன்றுக்கு நான்கு. ஆகவே இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்க வேண்டும்: மேலே வானம் கூட வேண்டும், பக்கவாட்டிலும் கொஞ்சம் அகல வேண்டும்.

மேலே 700 பிக்சல் கூட்டினால் உயரம் 4732 ஆகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு, 3786, அகலமாக வேண்டும். இருப்பது 3024, எனவே 762 பிக்சல் தேவை. இதை இரு பக்கமும் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. நடப்பவர் வலப்பக்கம் பார்த்து நடக்கிறார். அவர் முகத்துக்கு முன்னால் இடம் இருந்தால்தான் நடை தெரியும். இடப்பக்கம் 200, வலப்பக்கம் 562 என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்த அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 240 பிக்சல் கிடைக்கும். கையெட்டும் தூரத்தில் பார்க்கும் படத்துக்கு அது போதும். முன்பு சொன்ன ஐந்து மில்லிமீட்டர் என்பது இங்கே ஏறக்குறைய 47 பிக்சல். அறுபது பிக்சல் இடைவெளியில் சட்டம் 47-ஐ மூடினால் பீலியின் மேல் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். 700 கூட்டிய பிறகு அந்தக் கவலை இல்லை.

புதிதாக உருவாகும் பரப்பு மொத்தப் படத்தில் எவ்வளவு என்றும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இங்கே அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இதே படத்தைக் கிடைமட்டச் சுவரொட்டியாக மாற்ற முயன்றால் மூன்றில் இரண்டு பங்கு கருவி வரைந்ததாகிவிடும். அந்த நிலையில் அது அந்த நாளின் படமாக இருக்காது. பாதியைத் தாண்டும் எந்த விரிவையும் நான் செய்வதில்லை. கேட்பவரிடம் வேறு அளவுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

விளிம்பைப் படியுங்கள்

நிரப்பும் கருவி விளிம்பில் இருப்பதைப் பார்த்துத்தான் அதற்கு அப்பால் என்ன இருக்கும் என்று ஊகிக்கிறது. விளிம்பைத் தொட்டு நிற்கும் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு கட்டளை. பாதி குடை தெரிந்தால் மீதிக் குடையை வரையும். குடை இருந்தால் அதைப் பிடித்திருப்பவரையும் வரையும். முழங்கை தெரிந்தால் அதற்கு ஓர் ஆளைச் சேர்க்கும். ஊர்வலத்தில் வராத ஒருவர் இப்படித்தான் படத்துக்குள் வந்து நிற்கிறார். அவர் விரல்களை எண்ணிப் பார்த்தால் கணக்குத் தப்பவும் கூடும்.

எனவே நான்கு விளிம்புகளையும் நூறு சதவீத அளவில் பெரிதாக்கி, மெதுவாக ஒரு சுற்று பாருங்கள். நம் படத்தில் இடப்பக்க விளிம்பில் யாரோ ஒருவரின் முழங்கையும், அதற்கு மேலே ஒரு மின்கம்பியும் இருக்கின்றன. கம்பியை விட்டுவிடலாம், அது நேராக நீண்டு போகும், கருவி அதைச் சரியாகவே தொடரும். முழங்கையை முதலில் Remove கருவியால் நீக்கிவிட வேண்டும். அதற்குப் பின்னால் இருந்தது புதர் என்பதால் நீக்கிய இடம் எளிதாக நிரம்பும்.

எழுத்துகள் இன்னும் பெரிய சிக்கல். தண்ணீர்ப் பந்தலின் துணிப்பலகையில் தமிழ் எழுத்துகள் இருந்து, அது விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால், கருவி அந்த வரியைத் தொடர முயலும். வருவது எழுத்தைப் போல வளைந்து நெளியும் கோடுகள். சுழி இருக்கும், கொம்பு இருக்கும், ஆனால் எந்த எழுத்தும் இருக்காது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். அப்படிப்பட்ட பலகை விளிம்பில் இருந்தால் அந்தப் பக்கம் விரிக்காதீர்கள், அல்லது பலகை முழுதாகத் தெரியும் வேறு படத்தைத் தேடுங்கள்.

மேல்விளிம்பில் பீலி. அது வெட்டுப்படவில்லை, ஆனால் அறுபது பிக்சல் இடைவெளி என்பது கருவிக்கு மிகக் குறைவு. பீலி மேலும் நீளுவதாக எண்ணிக்கொண்டு அதன் மேல் இன்னொரு பீலியை அடுக்கிவிட வாய்ப்பு உண்டு. இதைத் தவிர்க்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

கேன்வாஸை விரிப்பது

ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திறந்ததும் Background லேயரைச் சாதாரண லேயராக மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதிய பரப்பு வெள்ளையாக நிரம்பிவிடும். நமக்கு வேண்டியது வெற்றிடம். Image > Mode பட்டியலில் 16 Bits/Channel என்பதையும் தேர்ந்தெடுங்கள். வானத்தின் நீலம் மேலே போகப் போக நுட்பமாக அடர்ந்துகொண்டே போகும். எட்டு பிட் கோப்பில் அந்த மாற்றம் பட்டை பட்டையாகத் தெரியக்கூடும்.

பிறகு Image > Canvas Size. Relative என்பதைக் குறியிட்டு, அகலம் 200, உயரம் 700 என்று கொடுங்கள். நங்கூரக் கட்டத்தில் கீழ்வலது மூலையை அழுத்துங்கள். இடப்பக்கமும் மேலேயும் இடம் கிடைத்துவிடும். மறுபடி அதே பெட்டியைத் திறந்து, அகலம் 562, உயரம் 0, நங்கூரம் இடப்பக்க நடுக்கட்டம். வலப்பக்கமும் முடிந்தது. Crop கருவியை வெளிப்பக்கமாக இழுத்து Generative Expand செய்யும் வழி இதைவிட வேகமானது. ஆனால் அது எல்லாப் பக்கத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடும். மலை இருக்கும் படத்தில் அது நமக்கு ஆகாது.

முதலில் மலை

வரிசை இங்கே முக்கியம். வானத்தை முதலில் நிரப்பிவிட்டு மலையைப் பிறகு ஒட்டினால், மலையின் கோட்டருகே வானம் பொருந்தாது. உண்மையான மலை முதலில் இடம்பிடித்துவிட்டால், கருவி அதைப் பார்த்து அதன் பின்னால் வானத்தைத் தொடரும்.

கருவியிடமே மலையை விட்டால் என்ன ஆகும்? சரிவைப் பார்த்ததும் அதை மேலே கொண்டுபோய் ஓர் உச்சி வரையும். பார்வைக்கு அழகான மலைதான். ஆனால் கோர் தெ கார்த்தின் முகட்டுக் கோட்டை ரோஸ் ஹில்லிலோ காத்ர் போர்னிலோ வளர்ந்த எவரும் ஒரு பார்வையில் அறிவார்கள். ஏறத்தாழ 720 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்த மலையை நோக்கித்தான் காவடி போகிறது. வேறெந்த நாட்டு மலையையோ அங்கே நிறுத்திவிட்டால் படத்தின் பொருளே போய்விட்டது.

நல்வாய்ப்பாக, ஊர்வலத்தில் எவரும் ஒரே ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை. சில நொடிகள் முன்னோ பின்னோ, கைபேசியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி எடுத்த படம் அநேகமாக இருக்கும். காவடி அதில் நகர்ந்திருந்தாலும் கவலையில்லை. நமக்கு வேண்டியது தொலைவில் நிற்கும் மலை மட்டும்தான். தொலைவில் இருப்பதால் நாம் இரண்டடி தள்ளி நின்றிருந்தாலும் அதன் வடிவம் மாறாது. இரண்டு படங்களும் ஒரே லென்ஸில், ஒரே ஜூமில் எடுத்தவையாக இருப்பதும், மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதும் அவசியம்.

அந்தப் படத்தை அதே கோப்பில் இன்னொரு லேயராகக் கொண்டுவாருங்கள். அது ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வந்திருந்தால் Rasterize செய்துவிடுங்கள். அடிப்படைப் படத்தின் லேயரைப் பூட்டிவிட்டு, இரண்டையும் தேர்ந்தெடுத்து, Edit > Auto-Align Layers என்பதில் Auto கொடுங்கள். பூட்டிய லேயர் அசையாமல் இருக்கும். இரண்டாவது லேயர் தன்னைத் திருப்பி நகர்த்தி அதன்மேல் வந்து உட்காரும். பிறகு இரண்டாவது லேயருக்கு ஒரு கறுப்பு மாஸ்க் போட்டு, மலை வரவேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் தடவுங்கள். மலை வெளிப்படும். முகட்டுக்கு மேலே சிறிதளவு வானத்தையும் சேர்த்தே வெளிப்படுத்துங்கள், ஏனெனில் முகட்டின் ஓரம் உண்மையான வானத்தோடு சேர்ந்திருந்தால்தான் இயல்பாக இருக்கும்.

கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாகக் கணிக்கிறது. அதனால் இரண்டாவது மலை கொஞ்சம் வெளிறியோ கறுத்தோ தெரியலாம். ஒரு Curves லேயரை அந்த மலையோடு மட்டும் இணைத்து, இரண்டு சரிவுகளும் சந்திக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை சரிசெய்யுங்கள்.

அப்படி ஒரு படம் இல்லாவிட்டால்? வலப்பக்கம் 562 என்பதை விட்டுவிடுங்கள். மேலே மட்டும் கூட்டி, இடப்பக்கம் கொஞ்சம் கூட்டி, வேறு விகிதச் சட்டத்துக்கு மாறுங்கள். மலைச்சரிவு விளிம்பில் வெட்டுப்பட்டபடியே நிற்கட்டும். அது பொய்யில்லை.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

வானத்தை நிரப்பும் முன் இதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். மலை ஊருக்கு மேற்கே இருக்கிறது. நடப்பவர் வலப்பக்கம் மலையை நோக்கி நடக்கிறார் என்றால், நம் கைபேசி தெற்கைப் பார்த்திருக்கிறது. தை மாதம் இங்கே கோடைக்காலம். காலை ஒன்பது மணிச் சூரியன் கிழக்கில், சற்றே தெற்கே ஒதுங்கி, ஏறக்குறைய நாற்பது பாகை உயரத்தில் இருக்கும். அதாவது வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து, சிறிதளவு நமக்கு எதிராக வருகிறது.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் தெரிகின்றன. வானம் இடப்பக்கம் வெளிறியும், வலப்பக்கமும் மேலேயும் போகப் போக அடர்ந்தும் இருக்க வேண்டும். தரையில் நிழல்கள் வலப்பக்கமாக, கொஞ்சம் நம்மை நோக்கி விழ வேண்டும். கருவி தரும் ஒவ்வொரு நிரப்பலையும் இந்த இரண்டையும் வைத்து எடைபோடுங்கள். மேகங்களுக்கும் இதே கணக்குதான்: மேகத்தின் இடப்பக்கம் பளிச்சென்றும் வலப்பக்கம் சாம்பலாகவும் இருக்க வேண்டும்.

வானம்

பீலிக்கு வருகிறேன். முதலில் Rectangular Marquee கருவியால் மேலே ஒரு சிறு பட்டையை மட்டும் தேர்ந்தெடுங்கள்: முழு அகலம், உயரம் 150 பிக்சல், பழைய படத்துக்குள் முப்பது நாற்பது பிக்சல் புகுந்திருக்கட்டும், ஆனால் பீலி நுனியைத் தொடக் கூடாது. ஆனால் இந்தப் பட்டையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, ஒரு புதிய லேயரில், பீலிக்கு நேர் மேலே, பட்டை முடியும் இடத்துக்கு அப்பால் உள்ள வெற்றிடத்தில் அருகிலுள்ள வானத்தின் நிறத்தை எடுத்து மென்மையான தூரிகையால் ஒரு தடவல் தடவிவிடுங்கள்; தேர்வுக்குள் பூசியதைக் கருவி பார்க்காது. பீலி முடிந்துவிட்டது, அதற்கு மேல் வானம்தான் என்பது கருவிக்கு அதிலிருந்தே விளங்கிவிடும்.

பிறகு Generative Fill, எழுதும் பெட்டியை வெறுமையாக விட்டு Generate. வெறுமையாக விடும்போது கருவி சுற்றியிருப்பதை மட்டுமே பார்க்கும். அழகிய வானம், பொன்னிற மேகம் என்றெல்லாம் எழுதினால் அது நம் படத்தை விட்டுவிட்டு எழுதியதைப் பின்பற்றத் தொடங்கும். காலை ஒன்பது மணிப் படத்துக்கு அந்தி வானம் வந்து சேருவது இப்படித்தான்.

மூன்று மாற்றுகள் வரும். Properties பலகத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பீலி நுனி சுத்தமாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மீதியுள்ள வானத்தை ஒரே தேர்வாக நிரப்புங்கள். வானத்தைத் துண்டு துண்டாகச் செய்யாதீர்கள். துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டிலும் மேகம் வேறு அளவில் வரும், நீலமும் தாவும்.

இங்கே ஒரு தடை எதிர்ப்படலாம். காவடி எடுப்பவர் மேலாடையின்றி இருப்பார். கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்தியிருப்பார். கருவியின் உள்ளடக்க வடிகட்டி இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, விதிகளுக்குப் புறம்பானது என்று சொல்லி நிரப்ப மறுப்பது சில வேளைகளில் நடக்கிறது. பக்தியோடு செய்த நேர்த்திக்கடனை ஓர் இயந்திரம் அப்படித் தள்ளுவது வருத்தம் தருகிறது. வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய லேயர் போட்டு, உடலின்மீது மட்டும் சாம்பல் நிறம் பூசி மறையுங்கள். காவடியையும் பீலியையும் மறைக்க வேண்டாம். நிரப்பி முடிந்ததும் அந்தச் சாம்பல் லேயரை நீக்கிவிடுங்கள். தேர்வு உடலிலிருந்து தள்ளி இருக்கும்வரை பலனில் வேறுபாடு இருக்காது.

மரமும் தரையும்

இங்கே எதிர்முறை: துண்டு துண்டாகத்தான் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இந்த வசதி வந்தபோது, எவ்வளவு பெரிய இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கருவி பக்கத்துக்கு 1024 பிக்சல் அளவில்தான் படத்தை உருவாக்கி, அதை இழுத்து நீட்டி இடத்தை நிரப்பியது. பின்னால் வந்த மாதிரிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் பெரிய இடத்தை ஒரே தேர்வாகக் கொடுத்தால் மங்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வானத்தில் விவரம் இல்லாததால் நீட்டினாலும் தெரியாது. இலையிலும் சரளைக்கல்லிலும் உடனே தெரிந்துவிடும்: பழைய பகுதியில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக நிற்கும், புதிய பகுதியில் பச்சை நிறம் குழைந்து கிடக்கும்.

எனவே வலப்பக்கத்தில் மலைக்குக் கீழே உள்ள புதர், சாலையோரம், சாலை ஆகியவற்றை ஆயிரம் பிக்சல் உயரத்துக்கு மேற்படாத துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டும் பழைய படத்துக்குள் அறுபது முதல் நூறு பிக்சல் புகுந்திருக்க வேண்டும். அடுத்த துண்டோடும் அதே அளவு மேற்பொருந்த வேண்டும். மேலிருந்து கீழாக வாருங்கள். புதர் முதலில், சாலையோரம் அடுத்து, சாலை கடைசியில். இடப்பக்கத்து 200 பிக்சலும் இப்படியே.

சாலையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஓரக்கோடு அதே சாய்வில் தொடர்கிறதா என்று பாருங்கள். ஒரு நேர்கோட்டை அதன்மேல் தற்காலிகமாக வரைந்தால் வளைவு உடனே காட்டிக்கொடுக்கும். அடுத்து நிழல். கருவி சில சமயம் யாருடையதென்று சொல்ல முடியாத நிழலைத் தரையில் போடும். விளிம்புக்கு வெளியே ஒரு மரம் நின்றால் அப்படி நிழல் விழலாம்தான், ஆனால் அது வலப்பக்கம் சாயாமல் இடப்பக்கம் சாய்ந்தால் அந்த மாற்றை விட்டுவிடுங்கள்.

பாதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில படங்களில் காவடிக்கு இடம்விட்டதால் கீழே பாதம் வெட்டுப்பட்டிருக்கும். கருவி பாதத்தை வரைந்து தரும்; ஏறக்குறைய நம்பும்படியாகவே தரும். சுடும் தாரில் வெறுங்காலோடும், சிலர் ஆணிப் பாதரட்சையோடும் நடந்த அந்தப் பாதங்களை வேறெவரோ வரைந்ததாக ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் படத்தை முழங்காலுக்கு மேலே வெட்டி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு தெரிகிறதா

வேலை முடிந்தாற்போலத் தோன்றும். கண் அதற்குள் பழகிப்போயிருக்கும், அதனால் அதை நம்ப வேண்டாம். எல்லா லேயர்களுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டை இரண்டு மூன்று முறை மேலும் கீழுமாக முறுக்கிவிடுங்கள். படம் விகாரமான நிறங்களில் மாறும். அந்த நிலையில் வானத்தில் மிக நுட்பமான ஒட்டும்கூடத் தெளிவான கோடாகத் தெரிந்துவிடும். தெரிந்த இடத்தில், உருவான லேயரின் மாஸ்க்கைப் பெரிய மென்தூரிகையால் தடவி, எல்லையைக் கரையுங்கள். சரியானதும் அந்த Curves லேயரை நீக்கிவிடுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும்; கண் புதிதாகப் பார்க்கும்.

அடுத்தது மணல்தன்மை. கைபேசிப் படத்தின் வானத்தில், பெரிதாக்கிப் பார்த்தால், பொடிமணல் தூவியது போன்ற ஒரு நுண்ணிய இரைச்சல் இருக்கும். உருவான வானத்தில் அது இருக்காது. கண்ணாடித் தகடு போல வழுவழுவென்று இருக்கும். திரையில் தெரியாத இந்த வேறுபாடு அச்சில், குறிப்பாக மினுமினுப்பில்லாத தாளில், மேலே ஒரு தனித் தகடு வைத்தாற்போலத் தெரியும்.

இதைச் சரிசெய்ய, உருவான வானத்துக்கு மேலே ஒரு புதிய லேயர் போட்டு, Edit > Fill வழியாக 50% Gray நிரப்பி, அதன் Blend Mode-ஐ Overlay ஆக்குங்கள். சாம்பல் மறைந்துவிடும். இப்போது Filter > Noise > Add Noise. Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்தெடுத்து, இரண்டு சதவீதத்தில் தொடங்குங்கள். பிறகு அரை பிக்சல் அளவுக்கு Gaussian Blur கொடுத்தால் மணலின் கூர்மை குறைந்து, கைபேசியின் இரைச்சலுக்கு நெருங்கிவரும். லேயரை வானத்தோடு மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். பழைய வானமும் புதிய வானமும் சந்திக்கும் இடத்தை இருநூறு சதவீதத்தில் வைத்து, எது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாமல் போகும்வரை அளவைக் கூட்டிக் குறையுங்கள். வானத்தில் பட்டை விழுவதையும் இந்த மணல் பெரும்பாலும் தடுத்துவிடும்.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கு

ஜிம்ப் இலவசம். அதிலும் Image > Canvas Size உண்டு. Resynthesizer என்ற துணைநிரலைச் சேர்த்துக்கொண்டால் Heal Selection கிடைக்கும். அது புதிதாக எதையும் கற்பனை செய்வதில்லை. படத்தில் ஏற்கெனவே உள்ள துணுக்குகளை எடுத்து அடுக்குகிறது. தெளிந்த வானத்துக்கும் புல்தரைக்கும் அது நன்றாகவே உதவும். மேகமூட்டமான வானத்தில் ஒரே மேகம் இரண்டு மூன்று இடத்தில் தலைகாட்டும். கண்டுபிடித்து அழிக்க வேண்டும். கிரிட்டாவில் செயற்கை நுண்ணறிவுத் துணைநிரலைச் சேர்த்தும் இதைச் செய்யலாம், ஆனால் அதைச் சொந்தக் கணினியிலேயே இயக்க நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும்.

கைபேசிச் செயலிகளிலும் விரிக்கும் வசதி வந்துவிட்டது. அவற்றில் பலவற்றில் லேயர் இல்லை, மாஸ்க் இல்லை. மலையை நாமே வைக்கவும் வழியில்லை. மேலே வெறும் வானம் மட்டும் வேண்டும் என்றால் பயன்படுத்துங்கள். சேமித்த பிறகு படத்தின் பிக்சல் அளவை மறக்காமல் பாருங்கள். சில செயலிகள் முழுப் படத்தையும் சத்தமில்லாமல் சிறிதாக்கிச் சேமிக்கின்றன.

கொடுக்கும் முன்

வீட்டுச் சுவருக்கு இது ஏற்றது. செய்தித்தாளுக்கோ புகைப்படப் போட்டிக்கோ கோயிலின் விழா ஆவணத்துக்கோ விரித்த படத்தைக் கொடுக்காதீர்கள். World Press Photo போன்ற செய்திப்படப் போட்டிகள் உருவாக்கி நிரப்பிய படங்களை ஏற்பதில்லை. ஆவணமாக வைக்க வேண்டியது எடுத்தபடியே உள்ள மூலப் படம்தான். இரண்டு கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, விரித்ததன் பெயரிலேயே அது விரித்தது என்று தெரியும்படி எழுதுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு என்றும் சேர்த்துவிட்டால், பத்தாண்டு கழித்துப் பார்ப்பவருக்கும் எது உண்மையான வானம் என்று தெரியும். படத்தைக் கேட்ட குடும்பத்தாரிடமும் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன எவரும் வேண்டாம் என்றதில்லை.

அச்சுக்கு, லேயர்களுள்ள கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, தட்டையாக்கிய பிரதி ஒன்றை sRGB நிறவெளியில், உயர்ந்த தரத்து JPEG ஆகக் கொடுங்கள். கடையில் முழு அளவில் அச்சிடச் சொல்லும் முன், பீலி நுனியும் மலை முகடும் இரண்டு வானங்களும் சந்திக்கும் பகுதியை மட்டும் வெட்டி, ஒரு சிறு தாளில் அதே 240 பிக்சல் கணக்கில் அச்சிட்டு வாங்குங்கள். அதைக் கடைக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒட்டு தெரிந்தால் மணலின் அளவை அரை சதவீதம் மாற்றி மறுபடி ஒரு துண்டு. தெரியாவிட்டால் 40 × 50 அச்சிடச் சொல்லலாம்.